பதினொரு மாதமாகத் தவறாமல் வரும் காசு யாருடையது?

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கொக்குவிலில் இருக்கிறேன். எங்கள் கோயில் நிர்வாகத்தில் உள்ள ஒருவர் ‘விசேட சீட்டு’ என்று ஒன்று நடத்துகிறார். 5 இலட்சம் கொடுத்தால் மாதம் 40,000 ரூபா தருவார், வருடம் முடிய முதலும் திரும்பி வரும். அக்கா போட்டு 11 மாதம். ஒரு மாதம்கூடப் பிந்தாமல் எடுக்கிறா. ஆள் சேர்த்து விட்டால் ஒருவருக்கு 25,000 தனியாகக் கிடைக்குமாம். காசு வெளிநாட்டில் தங்க வியாபாரத்தில் ஓடுகிறது என்கிறார். கம்பனிப் பதிவுப் பத்திரம் காட்டினார். முதலுக்குப் பிற்திகதியிட்ட காசோலையும் தருகிறார். என் பணிக்கொடை 11 இலட்சம் வங்கியில் இருக்கிறது. நகையையும் அடகு வைத்து 15 ஆக்கிப் போடு என்று அக்கா சொல்கிறா. அவவின் பற்றுச்சீட்டையும் வங்கிச் சிட்டையையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். போடலாமா?

பதில்: ரீச்சர், போடாதீர்கள். நகையைப் பெட்டியை விட்டு வெளியே எடுக்கவும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன். பிறகு அக்காவிடம் பேசும்போது உங்களுக்கு இது தேவைப்படும்.

ஒரு கொப்பியை எடுத்து அக்காவின் கணக்கை நீங்களே எழுதிப் பாருங்கள். அவ கொடுத்தது 500,000. மாதம் 40,000 படி 11 மாதத்தில் வாங்கியது 440,000. அப்படியென்றால் அவ கொடுத்த காசிலேயே இன்னும் 60,000 ரூபா அந்த மனிதரிடம் இருக்கிறது. அவர் எந்த வியாபாரமும் செய்யாமல், அந்த 5 இலட்சத்தை ஒரு மேசை லாச்சியில் வைத்து, மாதா மாதம் அதிலிருந்து 40,000 எடுத்துக் கொடுத்திருந்தாலும் இதுவரை எல்லாம் இப்படியேதான் நடந்திருக்கும். பன்னிரண்டாவது மாதக் காசைக் கொடுத்த பிறகும் லாச்சியில் 20,000 மிஞ்சும். அக்கா, ‘முதல் அப்படியே கிடக்கிறது, இது வட்டி’ என்று நினைக்கிறா. வந்தது வட்டிதான் என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. அவவின் சொந்தக் காசே துண்டு துண்டாகத் திரும்பி வந்திருக்கலாம். ‘பிந்தாமல் தருகிறார்’ என்பது அவர் நாணயமானவர் என்பதற்கும் ஆதாரமில்லை, வியாபாரம் நடக்கிறது என்பதற்கும் ஆதாரமில்லை. முதல் ஒரு வருடத்துக்கு அப்படித் தருவதற்கு ஒரு சல்லி உழைக்கத் தேவையில்லை.

இதை நான் காலம் பிந்தித்தான் படித்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கிக் கிளையில் நான் வைப்புப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் 6 இலட்சம் நிலையான வைப்பைத் தவணைக்கு முன்பே உடைக்க வந்தார். ஏன் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து என் முன்னால் விரித்தார். மேலே ‘முதல் 400,000’. அதன் கீழே பத்து வரிகள். ஒவ்வொன்றிலும் திகதி, 24,000, பக்கத்தில் நீல மையில் ஒரு சரி அடையாளம். ‘தம்பி, பத்து மாதம், ஒருநாள் பிந்தவில்லை’ என்றார். அந்த ஒழுங்கைப் பார்த்த பிறகு எனக்கும் பதில் வரவில்லை. படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். அந்தப் பத்து வரிகளையும் கூட்டியிருந்தால் 240,000 வந்திருக்கும். அவர் கொடுத்த 4 இலட்சத்தில் இன்னும் 160,000 மற்றவரின் கையில்தான் இருக்கிறது என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 6 இலட்சத்தையும் கொண்டுபோய்ச் சேர்த்தார். மாதம் 60,000 படி நான்கு மாதம் வந்தது, ஐந்தாம் மாதம் கதவு பூட்டு. கொடுத்தது 10 இலட்சம், எடுத்தது 480,000. மீதி 520,000 போனது போனதுதான். அந்த மனிதர் பிறகு கிளைக்கு வந்தபோதெல்லாம் எனக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

கவனியுங்கள், அவர் விழுந்தது முதல் தடவை போட்டதில் இல்லை. முதல் தடவை ஒழுங்காக வந்ததைப் பார்த்து, இரண்டாம் தடவை பெரிதாகப் போட்டதில். உங்கள் வீட்டிலும் இப்போது நடப்பது அந்த இரண்டாம் தடவைதான். போட்டது அக்காவாக இருந்தாலும், அதைப் பார்த்து நம்பிப் போடப் போவது நீங்கள். பன்னிரண்டாவது மாதம் முதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கட்டம் வரும்போது, ‘எடுத்து என்ன செய்யப் போகிறீர்கள், அப்படியே விடுங்கள், இந்த முறை 10 வீதம் தருகிறேன்’ என்று அவர் அக்காவிடம் சொல்ல மிகவும் வாய்ப்பிருக்கிறது. முதலைக் கொடுக்க அவருக்குப் புதுக்காசு வேண்டும். அது உங்கள் பணிக்கொடையாக இருந்தால் அவருக்கு வசதி.

சரி, உண்மையிலேயே உழைத்துத்தான் கொடுக்கிறார் என்று வைத்துப் பார்ப்போம். 5 இலட்சத்துக்கு 40,000 என்றால் மாதத்துக்கு 8 வீதம். வங்கி ஒரு வருடத்துக்குத் தருகிற அளவை இவர் ஒரு மாதத்தில் தருகிறார். தங்க வியாபாரத்தில் மாதம் 8 வீதத்துக்கு மேல் நிச்சயமாக உழைக்கத் தெரிந்த ஒருவர் என்ன செய்வார்? தன் வீட்டு நகையையும் காணி உறுதியையும் வங்கியில் வைத்து, அதைவிட எவ்வளவோ குறைந்த வட்டிக்கு எடுத்து, லாபம் முழுவதையும் தானே வைத்துக்கொள்வார். கொக்குவிலில் ஒரு ரீச்சரின் தாலிக்கொடியை அடகு வைக்கச் சொல்லி, அந்தக் காசுக்கு 8 வீதம் கொடுத்து, கொண்டுவந்து விட்டவருக்கு மேலும் 5 வீதம் கொடுக்கத் தேவையே இல்லை. இவ்வளவு விலை கொடுத்துக் காசு தேடுகிறார் என்றால், குறைந்த விலையில் அவருக்கு யாரும் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

வியாபாரம் இல்லை என்றால் இது எப்படி ஓடும்? ஆட்களால்தான் ஓடும். 100 பேர் ஆளுக்கு 5 இலட்சம் கொடுத்திருந்தால் மாதம் 40 இலட்சம் வெளியே போக வேண்டும். கையிலுள்ள காசைத் தொடாமல் அதைக் கொடுக்க மாதம் 8 புது ஆட்கள் வேண்டும். அடுத்த மாதம் அந்த 8 பேருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இப்படியே போனால் ஒரு வருடத்தில் 250 பேர், இரண்டு வருடத்தில் 630 பேர், நான்கு வருடத்தில் 4,000 பேருக்கு மேல் சேர வேண்டும். முதலைத் திருப்பிக் கேட்பவர்களையும், அவர் தன் செலவுக்கு எடுப்பதையும், சேர்த்து விடுகிறவர்களுக்குக் கொடுக்கும் 25,000ஐயும் இதில் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் இன்னும் வேகமாக ஆள் வேண்டும். ஆள் பிடிக்க இவ்வளவு காசு கொடுப்பதன் காரணம் இதுதான். கோயில், உறவு, பழைய மாணவர் என்று சுற்றியுள்ள வட்டம் முடிகிற இடத்தில் இது நிற்கும். கடைசியாகச் சேர்ந்தவர்கள்தான் முழுதாக இழப்பார்கள். அவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே எடுத்தவர்களின் சொந்தக்காரர்களாகவே இருப்பார்கள்.

‘சீட்டு’ என்ற பெயர் உங்களை இழுத்திருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் சீட்டுக் கட்டாத வீடு குறைவு. அதனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு பழக்கம் வந்துவிடுகிறது. ஆனால் நீங்கள் எழுதியது சீட்டே இல்லை. உண்மையான சீட்டு எப்படி? 20 பேர், மாதம் 20,000, இருபது மாதம். சேருவது 4 இலட்சம். ஐந்தாம் மாதம் ஒருவருக்கு அவசரம். எல்லாருக்கும் முன்னால் கழிவு கூறி, 60,000 கழிவில் 340,000க்கு எடுக்கிறார். அந்த 60,000 இருபது பேருக்கும் பிரிந்து, அந்த மாதம் ஆளுக்கு 17,000 கட்டினால் போதும். பொறுத்திருந்து கடைசியில் எடுக்கிறவருக்குக் கிடைக்கும் லாபம், அவசரப்பட்டவர்கள் விட்டுக்கொடுத்த கழிவிலிருந்து வருகிறது. உள்ளே வந்த காசும் வெளியே போன காசும், சீட்டை நடத்துகிற தாச்சியின் பங்கைக் கழித்தால், சமமாக இருக்கும். அதனால் சீட்டில் நிச்சயமான மாத வட்டி என்று ஒன்று இருக்கவே முடியாது.

எத்தனை பேர், எந்த மாதத்தில் முடியும், கழிவு யார் முன்னிலையில் கூறப்படுகிறது என்ற மூன்றையும் அவரிடம் கேளுங்கள். சீட்டுப் பிடிக்கிற யாரும் இதற்கு நின்ற நிலையில் பதில் சொல்வார்கள். இவரிடம் மூன்றுக்கும் பதில் இருக்காது. உண்மையான சீட்டிலும் ஆபத்து உண்டு, முதலில் எடுத்தவர் பிறகு கட்டாமல் விடுவார், சிலவேளை தாச்சியே ஊரை விட்டுப் போய்விடுவார். சீட்டுகளைப் பதிய 1935ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கச் சட்டமே இருந்தும் ஊர்ச் சீட்டுகள் பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் ஓடுகின்றன. சக உறுப்பினர்களின் பெயரைச் சொல்லத் தயங்குகிற தாச்சியிடமும், ஒரே ஆள் நாலைந்து பங்கு வைத்திருக்கிற சீட்டிலும் நான் சேர மாட்டேன்.

இனி நீங்கள் அனுப்பிய படங்கள். அவற்றை இரண்டு மூன்று தடவை பெருப்பித்துப் பார்த்தேன். பற்றுச்சீட்டில், ‘ரூபா 500,000 நட்பின் பேரில் கைமாற்றாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று இருக்கிறது. மாதம் 40,000 என்ற பேச்சு அதில் இல்லை. எப்போது திருப்பித் தருவது என்றும் இல்லை. கம்பனியின் பெயரும் முத்திரையும் இல்லை, ஒரு கையொப்பம் மட்டும். காசு வைப்பிட்ட சிட்டையிலும் கம்பனியின் கணக்கு இல்லை, ஒரு தனி ஆளின் சேமிப்புக் கணக்கு. இந்தத் தாளை எழுதியவர் தெரிந்துதான் எழுதியிருக்கிறார். நாளைக்குப் பிரச்சினை வந்தால், ‘நான் வைப்புப் பெறவில்லை, தெரிந்தவரிடம் கைமாற்று வாங்கினேன்’ என்று சொல்லத்தான் இந்த வசனம். வாயால் சொன்னதும் தாளில் இருப்பதும் இப்படிப் பிரிந்து நின்றால், மற்ற எதையும் பார்க்காமலே விலகலாம்.

கம்பனிப் பதிவுப் பத்திரம் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனால் அது ‘இப்படி ஒரு கம்பனி இருக்கிறது’ என்று மட்டும்தான் சொல்கிறது. பலசரக்குக் கடைக்கும் அதே பத்திரம்தான். பொதுமக்களிடம் வைப்புப் பெறுவதற்கு மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டம் அதைத்தான் சொல்கிறது. ‘விண்ணப்பித்திருக்கிறோம், வந்துகொண்டிருக்கிறது’ என்றால் இன்னும் இல்லை என்றுதான் பொருள். அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பனிகளின் பட்டியல் www.cbsl.gov.lk என்ற தளத்தில் இருக்கிறது. பெயரை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள், தெரிந்த நிறுவனத்தின் பெயர் போலவே ஒலிக்கிற பெயர்களும் உண்டு. தளத்தில் பார்க்கச் சிரமமென்றால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். பிற்திகதியிட்ட காசோலையைப் பற்றி ஒரு வார்த்தை: அந்தத் திகதியில் அந்தக் கணக்கில் காசு கிடந்தால்தான் அதற்குப் பெறுமதி. காசு இல்லாமல் போகிற நாளில் எல்லாருடைய காசோலையும் சேர்ந்துதான் திரும்பும்.

‘கோயில் நிர்வாகத்தில் இருப்பவர் ஏமாற்றுவாரா’ என்று அக்கா கேட்பா. அவர் நல்லவரா கெட்டவரா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அவரையும் மேலே ஒருவர் நம்ப வைத்திருக்கலாம். கணக்குக்கு அது தெரியாது. 2008 டிசம்பரில் விழுந்த கோல்டன் கீ கடனட்டை நிறுவனம் நாடறிந்த ஒரு பெரிய நிறுவனக் குழுமத்தைச் சேர்ந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் படித்தவர்கள், பணக்காரர்கள் என்று பலரும் போட்டார்கள். வைப்புப் பெறும் அனுமதி அதற்கு இருக்கவில்லை. பெயர் பெரிதாக இருந்தது அவர்களைக் காப்பாற்றவில்லை.

அக்காவின் காரியம் அவசரம். முதலை இப்போதே கேட்கச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம், ‘வீட்டுக்கூரை வேலைக்கு வேண்டும்’ என்று சாதாரணமாகக் கேட்டால் போதும். வரும் பதிலைக் கவனியுங்கள். ‘மூன்று மாத அறிவித்தல் தர வேண்டும்’, ‘பாதியை இப்போது தருகிறேன், மீதியைப் புதுத் திட்டத்தில் போடுவோம்’ என்று இழுக்கலாம். ‘உங்கள் இடத்துக்கு ஓர் ஆளைக் கொண்டுவந்து விடுங்கள், அந்தக் காசை நீங்கள் எடுங்கள்’ என்று சொன்னால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தங்கத்தில் இருக்கிற காசுக்கு ஏன் இன்னோர் ஆள் வேண்டும்? அவ பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றும் இருக்கிறது. ஒன்றும் திரும்பி வராவிட்டால் அவ இழப்பது 5 இலட்சம் இல்லை, 60,000. அந்த 60,000ஐ மீட்க உங்கள் 15 இலட்சத்தை உள்ளே விடுவது எந்தக் கணக்கிலும் பொருந்தாது.

ஆள் சேர்ப்பதைப் பற்றி அக்காவிடம் உறுதியாகச் சொல்லுங்கள். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு, ஆட்களின் தொகையோ அவர்கள் கட்டும் காசோ கூடுவதிலேயே பெரும்பாலும் பலன் தங்கியிருக்கிற திட்டங்களைத் தடைசெய்கிறது. நடத்துகிறவருக்கு மட்டுமில்லாமல், அதைப் பரப்புகிறவருக்கும் விளம்பரம் செய்கிறவருக்கும் அந்தப் பிரிவு பொருந்தும். சிறைத்தண்டனை வரை போகும். ‘நானும் ஏமாந்தவள்தான்’ என்று அக்கா சொல்லலாம், ஆனால் ஒவ்வோர் ஆளுக்கும் 25,000 வாங்கிய பதிவு வங்கிக் கணக்கில் இருந்தால் அந்தப் பேச்சு எடுபடுவது கடினம். சட்டத்தை விடுங்கள், அவ சேர்த்து விடப் போகிறவர்கள் ஒன்றாகத் தேரிழுக்கிற சனம். பிறகு அந்த வீதியில் எப்படி நடப்பது?

பற்றுச்சீட்டு, வைப்புச் சிட்டை, காசோலை, அவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்திகள், குரல் பதிவுகள் எல்லாவற்றையும் அக்கா பத்திரமாக வைத்திருக்கட்டும். மாதக் காசு எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று பார்க்க அவவின் வங்கியில் கணக்குக் கூற்று ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு மாதமும் வேறு வேறு ஆட்களின் பெயரில் காசு வந்திருந்தால், புதிதாகச் சேர்ந்தவர்களின் காசு நேரே அக்காவுக்குத் திருப்பி விடப்பட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். அதை நேரில் பார்த்தால் அக்கா யாருடைய சொல்லும் இல்லாமலே விளங்கிக்கொள்ளுவா. மத்திய வங்கிக்கும் பொலிசுக்கும் முறைப்பாடு கொடுப்பதானால் முதலில் கேட்கப்படுவதும் இந்தத் தாள்கள்தான்.

உங்கள் 11 இலட்சம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். இலங்கையின் வைப்புக் காப்புறுதித் திட்டத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் 1,100,000 ரூபா வரை நட்டஈடு உண்டு. முதலும் சேரும் வட்டியும் அந்த எல்லையைத் தாண்டும் என்பதால், தவணை முடியும்போது 2 இலட்சத்தையாவது அனுமதி பெற்ற இன்னொரு வங்கியில் உங்கள் பெயரிலேயே வையுங்கள். மாத வருமானம் வேண்டுமென்றால் வட்டியை மாதாமாதம் எடுக்கிற நிலையான வைப்பாகக் கேளுங்கள், சிரேட்ட பிரசைகளுக்கு விசேட வீதம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். உங்கள் ஊர்ச் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்தில் நீங்கள் அங்கத்தவர் என்றால் ஒரு சிறு பங்கை அங்கேயும் வைக்கலாம். அது கூட்டுறவுத் திணைக்களத்தின் மேற்பார்வையில் இருப்பது, ஆனால் வைப்புக் காப்புறுதி அங்கே இல்லை, அதனால் சிறு பங்கு மட்டும்.

அக்காவின் பன்னிரண்டாவது மாதம் வரப்போகிறது. அதற்கு முன் இந்த ஞாயிற்றுக்கிழமையே கொப்பியும் பேனையுமாகப் போய் அவவுக்குப் பக்கத்தில் இருந்து கூட்டிப் பாருங்கள். எண்களை நீங்கள் சொல்லாமல் அவவையே எழுத விடுங்கள்.